இருபது ஓட்டத்தைத் தாண்டுவானா? – மூன்று மாதக் கொப்பிக் கணக்கு

லண்டனில் இருக்கும் மச்சான் இரவில் ஒரு படம் அனுப்புவான். டி20 ஆட்டம் ஒன்றில் இன்ன ஆட்டக்காரர் 19.5 ஓட்டத்துக்கு மேலா கீழா என்ற பந்தய லைன் அதில் இருக்கும். அங்கே இதைப் பிளேயர் ப்ராப் என்கிறார்கள். நான் காசு கட்டுவதில்லை. கல்லடியில் வீட்டு முன்விறாந்தையில் இருந்துகொண்டு, தாண்டும் வாய்ப்பு எத்தனை வீதம் என்று ஆட்டத்துக்கு முன்னரே கொப்பியில் எழுதி வைப்பேன். ஆட்டம் முடிந்ததும் பக்கத்தில் 1 அல்லது 0 போடுவேன். இப்படி மூன்று மாதம் ஓடிவிட்டது.

முதல் மாதம் நான் பார்த்தது கடைசி எட்டு இன்னிங்ஸின் சராசரியை மட்டும்தான். சராசரி லைனுக்கு மேலே நன்றாக நின்றால் ஐம்பத்தைந்து, அறுபது என்று எழுதிவிடுவேன். அந்த மாதம் எழுதிய 40 கணிப்புகளின் சராசரி 54 வீதம். உண்மையில் லைனைத் தாண்டியவை 17. நாற்பது சின்ன எண்தான், ஓரளவு தற்செயலாகவும் இருக்கலாம். ஆனாலும் தவறுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தது என்னைத் தொந்தரவு செய்தது.

விடை பிராட்மனிடம் கிடைத்தது. அவருடைய டெஸ்ட் சராசரி 99.94 என்பது எல்லாருக்கும் தெரியும். அவருக்கு 99.5 என்று ஒரு லைன் போட்டிருந்தால் எத்தனை தடவை தாண்டியிருப்பார்? 80 இன்னிங்ஸில் 29 சதம், அதாவது 36 வீதம். சராசரிக்குச் சமமாக லைன் வைத்தும், மூன்று தடவைக்கு ஒன்றைவிடக் கொஞ்சம் கூடுதலாகத்தான் தாண்டியிருக்கிறார். இரட்டைச் சதங்களும் முச்சதங்களும் சராசரியை மேலே இழுத்து வைத்திருக்க, பாதிக்கும் மேற்பட்ட இன்னிங்ஸ் அதற்குக் கீழேயே முடிந்திருக்கின்றன. எல்லா ஆட்டக்காரருக்கும் ஓட்டங்கள் இப்படித்தான் விழும். சின்ன எண்கள் நிறைய, பெரிய எண்கள் சில. லைன் போடுகிறவர்களுக்கு இது தெரியும். அதனால் லைனைச் சராசரியில் வைக்காமல், பாதி இன்னிங்ஸ் மேலேயும் பாதி கீழேயும் விழும் இடத்துக்கு அருகில் வைக்கிறார்கள். சராசரி 27 உள்ளவருக்கு 19.5 வருவது அதனால்தான். நானோ அதைப் பார்த்து, லைன் குறைவாக இருக்கிறதே என்று சந்தோசப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இதைக் கணக்காக்க ஒரு எளிய வழி உண்டு. ஒவ்வொரு ஓட்டத்தையும் ஒரு படியாக நினைத்து, அடுத்த படியில் ஆட்டமிழக்கும் ஆபத்து எப்போதும் ஒரே அளவு என்று வைத்துக்கொள்வது. அப்போது எக்செல் தாளில் ஒரு வரி போதும். A1 இல் சராசரி, 20 என்பது லைனைத் தாண்டத் தேவையான ஓட்டம்:

```
=(A1/(A1+1))^20
```

பிராட்மனின் 99.94 ஐயும் 100 ஓட்டத்தையும் இதில் போட்டால் 37 வீதம் வருகிறது. உண்மை 36. அந்த எண்ணைப் பார்த்த இரவிலிருந்துதான் இந்தச் சூத்திரத்தில் எனக்கு நம்பிக்கை வந்தது.

சரி, போன வாரம் வந்த ஒரு லைனை முழுதாகப் பார்ப்போம். வலக்கைத் தொடக்க ஆட்டக்காரர், லைன் 19.5, மேலுக்கும் கீழுக்கும் விலை 1.83, அதாவது கட்டிய ஒரு ரூபாய்க்கு, வென்றால் 1.83 ரூபாய் திரும்பி வரும். கடைசி எட்டு இன்னிங்ஸ் 41, 6, ஆட்டமிழக்காமல் 73, 12, 29, 0, 55, 18. மொத்தம் 234 ஓட்டம், ஏழு தடவை ஆட்டமிழப்பு, சராசரி 33.4. "ஆள் நல்ல போர்மில நிக்கிறான்டா மச்சான், மேலதான்" என்று குரல் பதிவும் சேர்ந்து வந்தது. 33.4 ஐ அப்படியே சூத்திரத்தில் போட்டால் 55 வீதம். 1.83 என்ற விலைக்கு நட்டம் வராமல் இருக்க 54.6 வீதம் வேண்டும், அதாவது 1 ஐ 1.83 ஆல் வகுத்தது. அவன் சொன்னது மயிரிழையில் சரிபோலத் தெரிகிறது.

ஆனால் ஏழு ஆட்டமிழப்பு என்பது மிகக் குறைவு. அந்த 73 ஐ மட்டும் எடுத்துவிட்டால் சராசரி 23 க்கு இறங்கிவிடும். அதனால் போர்மைத் தனியாக நம்பாமல், அவருடைய நீண்டகாலச் சராசரியான 26 ஐ 40 ஆட்டமிழப்புக்குச் சமமாக வைத்து அதோடு கலக்கிறேன். 234 உடன் 40 தரம் 26 ஐக் கூட்டி 47 ஆல் வகுத்தால் 27.1. ஏன் 40? பழைய ஆட்டங்களில் 10, 20, 40, 60 எல்லாம் போட்டுப் பார்த்ததில் பிழை குறைவாக வந்தது அதில்தான். இவ்வளவு பேசப்படும் போர்ம் சராசரியை உயர்த்தியது ஒரே ஒரு ஓட்டத்தால். வாய்ப்பு 48 வீதத்துக்கு இறங்கியது.

அடுத்தது எதிரணி. இந்தத் தொடரில் தொடக்க ஆட்டக்காரர்கள் எல்லாருடைய சராசரி 25. இந்த எதிரணிக்கு எதிராக ஆறு ஆட்டங்களில் 21. விகிதம் 0.84. அதை அப்படியே பெருக்கக் கூடாது. ஆறில் நான்கு ஆட்டம் பந்து நின்று வரும் ஒரே மைதானத்தில் நடந்தவை. 21 என்பதில் பந்துவீச்சாளரின் பங்கு எவ்வளவு, ஆடுகளத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. அதனால் விலகலைப் பாதியாக்கி 0.92 எடுத்தேன். 27.1 ஐ அதனால் பெருக்கினால் 24.9, வாய்ப்பு 45.5 வீதம். இந்தப் பந்துவீச்சாளரிடம் இவர் மூன்று தடவை அவுட் என்பது போன்ற நேருக்கு நேர் கணக்குகளை நான் இப்போது தொடுவதே இல்லை. இருபது முப்பது பந்தை வைத்து எதையும் சொல்ல முடியாது.

கீழே போவதற்கு 54.5 வீதம், தேவை 54.6. ஆக, மேலேயும் ஒன்றும் இல்லை, கீழேயும் ஒன்றும் இல்லை. "விடு மச்சான், இதில ஒண்டும் இல்ல" என்று எழுதி அனுப்பினேன். அவர் 22 அடித்தார். கொப்பியில் 45.5 க்குப் பக்கத்தில் 1 போட்டேன்.

சூத்திரம் மோசமாகத் தவறும் ஓர் இடம் உண்டு. அதை நான் கண்டது வெபர் மைதானத்தில், எங்கள் கழகத்துக்கு ஸ்கோர் எழுதும்போது. எங்கள் ஐந்தாம் இலக்க ஆட்டக்காரரின் சராசரி 30. அன்று அவர் இறங்கும்போது மிச்சம் ஒன்பது பந்து. ஐந்து பந்து சந்தித்து, ஆட்டமிழக்காமல் 11 உடன் பெவிலியன் வந்தார். ஆட்டமிழக்காத இன்னிங்ஸ் அவர் சராசரியைக் கூட்டும், ஆனால் லைனைத் தாண்ட வைக்காது. சூத்திரம் ஆட்டமிழப்பை மட்டும் பார்க்கிறது, பந்து தீர்ந்துபோவதைப் பார்க்கிறதில்லை. அதன் பிறகு நான்காம் இலக்கத்துக்குக் கீழே யாருக்கும் இந்த வரியைப் பாவிப்பதில்லை. தொடக்க ஆட்டக்காரர் திடீரென இறக்கப்பட்டு நான்காவதாக வருகிறார் என்று தெரிந்தாலும் அன்றைய கணிப்பை வெட்டிவிடுவேன்.

இந்த முறையில் எழுதிய 46 கணிப்புகளின் சராசரி 46 வீதம், தாண்டியவை 20, அதாவது 43 வீதம். இந்த எண்ணிக்கைக்கு ஏழு வீதம் அங்கிங்கு ஆடுவது சாதாரணம், ஆகவே இப்போதைக்கு ஒத்துப்போகிறது.

இப்போது பார்த்துக்கொண்டிருப்பது முதல் பத்து ஓட்டத்தை. கழகத்தின் பழைய ஸ்கோர் புத்தகங்களில் தொடக்க ஆட்டக்காரர்களின் 58 இன்னிங்ஸை எண்ணினேன். சராசரி 22 என்பதால், சூத்திரப்படி பத்துக்குள் முடிய வேண்டியவை 21. முடிந்தவை 25. புதுப்பந்தில் கண் பழகும் முன் ஆபத்து கூடுதல் என்று ஆடிய எல்லாருக்கும் தெரியும், சூத்திரத்துக்குத்தான் தெரியவில்லை. முதல் பத்துக்கு ஒரு சராசரியும் அதற்குப் பிறகு வேறொன்றும் வைத்து, இரண்டு துண்டாகப் பெருக்கிப் பார்க்கப் போகிறேன். அதற்கு இன்னும் இரண்டு ஸ்கோர் புத்தகம் தேவை. ஒன்று அக்கரைப்பற்றில் ஒரு நண்பரிடம் இருக்கிறது, சனிக்கிழமை போய் எடுக்க வேண்டும்.