எஸ்.எம்.எஸ். போனதா, போகவில்லையா: டெலிவரி ரசீதோடு பட்ட பாடு

ஒரு கிளினிக்குக்கு, மறுநாள் அப்பாயின்ட்மென்ட்டை முந்தைய நாளே நினைவூட்டும் எஸ்.எம்.எஸ். அமைப்பைச் செய்துகொடுத்தோம். சேவை தருபவரின் சர்வரோடு செய்திகளைப் பரிமாறும் எஸ்.எம்.பி.பி. நெறிமுறை வழியே இணைப்பு. செய்திகள் போயின, அவை போய்ச் சேர்ந்தனவா என்று சொல்லும் ரசீதுகளும் வந்தன. ஆனால் டேட்டாபேஸில் எல்லாமே "அனுப்பப்பட்டது" என்ற நிலையிலேயே நின்றன. லாக்கைத் திறந்து ஒரு செய்தியை மட்டும் பின்தொடர்ந்தேன். அனுப்பியவுடன் சர்வர் தரும் பதிலான `submit_sm_resp`-இல் கிடைத்த செய்தி எண் `5F3A91C2`. பின்னால் வந்த ரசீது இது:

```
id:1597673922 sub:001 dlvrd:000 submit date:2403111800 done date:2403120000 stat:EXPIRED err:027 text:
```

இரண்டும் ஒரே எண்தான். முதலாவது ஹெக்ஸ், அடுத்தது டெசிமல். சில சர்வர்கள் இப்படித்தான் தரும், அதனால் ஒப்பிடும் முன் இரண்டையும் ஒரே வடிவத்துக்கு மாற்றினோம். அதோடு முடியவில்லை. சில ரசீதுகள் `submit_sm_resp`-க்கும் முந்தி வந்து நின்றன. பொருந்தாத ரசீதைத் தூக்கிப் போடாமல் தனி டேபிளில் வைத்து, சற்று நேரம் கழித்து மறுபடி பொருத்தினால் சேர்ந்துவிடும்.

அப்புறம்தான் தோல்விகளைப் படிக்க முடிந்தது. மேலே உள்ள ரசீதில் 18:00-க்கு அனுப்பியது நள்ளிரவில் `EXPIRED` ஆகியிருக்கிறது. காரணம், நாங்கள் வைத்த 6 மணி நேரக் கெடு:

```
validity_period = 000000060000000R
```

இதை வைக்காமல் விட்டால் ஆபரேட்டரின் சொந்தக் கெடுதான் நடக்கும். அணைந்து கிடந்த போன் மறுநாள் மதியம் உயிர்பெற்று, "காலை 9 மணிக்கு டாக்டரைப் பாருங்கள்" என்று காட்டும். அதைவிட வராமலிருப்பதே மேல். `EXPIRED` ஆனவற்றை மீண்டும் அனுப்பாமல், காலையில் வரவேற்பு மேசைக்கு அழைப்புப் பட்டியலாகக் கொடுத்தோம்.

`UNDELIV`, அதாவது சேர்க்க முடியாதவை, வேறு கதை. பெரும்பாலும் போன் எண்ணே தவறாகவோ பயன்பாட்டில் இல்லாமலோ இருக்கும். ஆனால் `err` எண்ணின் பொருள் நெட்வொர்க்குக்கு நெட்வொர்க் மாறும். சேவை தருபவரிடம் அட்டவணையை வாங்காமல் ஊகிக்கக் கூடாது. நாங்கள் வாங்கிப் பார்த்ததில், ஒரு நாள் மொத்தமாக விழுந்தவை, பதிவுசெய்த டெம்ப்ளேட்டோடு செய்தி பொருந்துகிறதா என்று பார்க்கும் டி.எல்.டி. அமைப்பின் நிராகரிப்புகள் என்று தெரிந்தது. வரவேற்பில் யாரோ செய்தியில் "தயவுசெய்து" சேர்த்திருந்தார்கள். பதிவுசெய்த டெம்ப்ளேட்டில் அந்தச் சொல் இல்லை. இதை எத்தனை முறை திருப்பி அனுப்பினாலும் போகாது, காசுதான் கரையும். அந்த வகைக் குறியீடு வந்தால் வரிசையை நிறுத்தி எங்களுக்குத் தகவல் வரும்படி செய்தோம்.

ரசீதே வராதவை தனி. அவை போகவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்பினால் ஒருவருக்கே இரண்டு செய்தி போகக்கூடும் (தமிழில் 70 எழுத்தைத் தாண்டினால் துண்டுகளாகி, ஒவ்வொன்றுக்கும் தனி ரசீது வேறு). கெடு தாண்டியதும் அவற்றை "தெரியவில்லை" என்று குறித்து, அழைப்புப் பட்டியலின் கடைசியில் சேர்க்கிறோம்.