லேப் டிப் மெயிலுக்குள் ஒளிந்திருந்த ஷிப்மெண்ட் தேதி

திருப்பூரில் மெர்ச்சண்டைசர் வேலையில் பாதி மெயில்தான். ஒரு போலோ டி-ஷர்ட் ஆர்டர் முடிவதற்குள் துணியின் நிறம், பட்டன், சாம்பிள், பேக்கிங் என்று மெயில்கள் போய்வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றுக்கும் பழைய மெயிலையே திறந்து ரிப்ளை அடிப்பதுதான் வழக்கம். மேலே இருக்கும் சப்ஜெக்ட்டை யாரும் பார்ப்பதில்லை.

நான் முன்பு இருந்த கம்பெனியில் ஒரு ஜெர்மன் பையரின் ஆர்டர் இப்படித்தான் போனது. அடையாளத்துக்கு ஸ்டைல் 1187, ஆர்டர் 4512 என்று வைத்துக்கொள்வோம். முதல் மெயில் `navy lab dip`, அதாவது நேவி நிறத்துக்குச் சாயம் போட்டுப் பார்த்த மாதிரித் துணி. சாயப்பட்டறை அனுப்பிய மூன்று ஷேடுகளில் பி ஷேடை அவர்கள் ஓகே செய்தார்கள். அதே மெயிலில் பட்டன் பேச்சு வந்தது, அப்புறம் அளவு விளக்கப்படம். நடுவில் நூல் தாமதமானதால், ஜூன் 10 ஷிப்மெண்டை ஜூன் 24-க்குத் தள்ள முடியுமா என்று நம் பையன் அதிலேயே கேட்டான். `ok for us, pls proceed` என்று பதில் வந்தது. சப்ஜெக்ட் `AW: Re: AW: Re: navy lab dip`. ஜெர்மன் அவுட்லுக்கில் ரிப்ளைக்கு முன்னால் `AW:` என்றுதான் விழும்.

குளிர்காலத்தில், தாமதத்துக்காகப் பணத்தைக் கழிப்பதாகப் பையரிடமிருந்து டெபிட் நோட் வந்தது. அவர்கள் சொன்ன ஓகேயைக் காட்ட அந்த மெயில் வேண்டும். அந்தப் பையன் வேறு கம்பெனிக்குப் போயிருந்தான். அவன் இடத்துக்கு வந்த பெண் ஜிமெயிலில் `subject:shipment` போட்டார், இந்த மெயில் வரவில்லை. வெறும் `shipment` போட்டால் நூற்றுக்கணக்கில் வந்து கொட்டியது. `4512` போட்டும் இது மட்டும் வரவில்லை. "அண்ணா, ஆர்டர் நம்பர் போட்டாலே வரணுமே?" என்றார். வராது. லேப் டிப் ஆர்டர் காகிதம் வருவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அன்று 4512 என்ற எண்ணே கிடையாது; பிறகு எழுதிய மெயில்களிலும் யாரும் அதைச் சேர்க்கவில்லை. கடைசியில் `from:`, `after:`, `before:` மூன்றையும் போட்டு, அந்த மாதத்தில் பையரிடமிருந்து வந்த மெயில்களை ஒவ்வொன்றாகத் திறந்துதான் கண்டுபிடித்தோம்.

அதற்குப் பிறகு எங்கள் டீமில் ஒரு பழக்கம் வந்தது. அதே கேள்விக்கு விளக்கமோ பதிலோ என்றால் சப்ஜெக்ட்டைத் தொடுவதில்லை. தொட்டால் ஜிமெயில் அதைத் தனி உரையாடலாகப் பிரித்துவிடும், பேச்சு இரண்டு இடத்தில் கிடக்கும். ஆனால் தேதி, விலை, ஒப்புதல் என்று புதிதாக ஒரு முடிவு கேட்கும்போது அந்தப் பிரிவுதான் நமக்கு வேண்டியது. ரிப்ளை அம்புக்குறியில் `Edit subject` எடுத்து இப்படி எழுதுவோம்:

```
ST 1187 - PO 4512 - ex-factory 10 Jun to 24 Jun (was navy lab dip)
```

ஸ்டைல் எண் முதலில் வருவதற்குக் காரணம், அது முதல் நாளிலிருந்தே இருக்கிறது. ஆர்டர் எண் வந்ததும் அடுத்து எழுதும் மெயிலில் சேர்ந்துவிடும். `PO` என்பதற்கும் எண்ணுக்கும் நடுவே இடைவெளி கட்டாயம். ஜிமெயில் முழுச் சொல்லாகத்தான் தேடும். `PO4512` என்று ஒட்டி எழுதினால் `4512` என்று தேடுகிறவருக்கு அது கிடைக்காது. மாதத்தை எழுத்தில் போடுகிறோம், ஏனென்றால் 6/7 என்றால் ஐரோப்பியருக்கு ஜூலை, அமெரிக்கருக்கு ஜூன். அதோடு சாய்வுக்கோடும் முக்காற்புள்ளியும் விண்டோஸ் ஃபைல் பெயரில் நிற்காது. மெயிலை ஆர்டர் ஃபோல்டரில் சேமிக்கும்போது சப்ஜெக்ட்தானே ஃபைல் பெயராகிறது. `was` பகுதி எதிராளி குழம்பாமல் இருக்க மட்டும். அடுத்த ரிப்ளையில் எடுத்துவிடலாம்.

`URGENT` என்று போடுவதை நிறுத்தினோம். ஆறு மாதம் கழித்துத் தேடுகிறவருக்கு அதனால் ஒரு உபயோகமும் இல்லை, தவிர எல்லோரும் எல்லாவற்றுக்கும் அதைத்தான் போடுகிறார்கள்.

நாம் மாற்றினாலும் பையர் பழைய மெயிலையே தோண்டி எடுத்து, அதில் ஓகே சொல்லி அனுப்புவார். அவரைத் திருத்த முடியாது. கிளாசிக் அவுட்லுக் வைத்திருப்பவர்கள், வந்த மெயிலைத் தனியாகத் திறந்து அதன் சப்ஜெக்ட்டையே தங்கள் பெட்டியில் மாற்றிச் சேமித்துக்கொள்ளலாம். ஜிமெயிலில் அந்த வசதி இல்லை. அதனால் சரியான சப்ஜெக்ட்டில் பையருக்கே ஒரு வரி அனுப்புகிறோம்: உங்கள் ஒப்புதலின்படி ஜூன் 24, கீழே உங்கள் மெயில். வாட்ஸ்அப்பிலோ போனிலோ ஓகே வாங்கினாலும் இதே வரிதான், அன்றைக்கே போய்விட வேண்டும்.