ஆயிரம் பீஸுக்கு மேல் என்ன ரேட்?

திருப்பூரில் உள்நாட்டு மார்க்கெட்டுக்கு டி-ஷர்ட் தைக்கிற ஒரு சின்ன யூனிட்டில் கணக்கும் காஸ்டிங்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். எக்ஸ்போர்ட் கிடையாது. ஈரோடு, மதுரை, கேரளா பக்கத்து மொத்த வியாபாரிகள்தான் பார்ட்டிகள். ரேட் கேட்டு போன் பண்ணுகிறவர் யாரும் முதலில் துணியைப் பற்றிக் கேட்க மாட்டார். "ஆயிரம் பீஸுக்கு மேல எடுத்தா என்ன ரேட்டுங்க?" என்பதுதான் முதல் கேள்வி. அதற்குத் தயாராக மேஜைக் கண்ணாடிக்கு அடியில் ஒரு ரேட் கார்டு இருக்கும். நான் சொல்லப்போவது அந்தக் கார்டைப் பற்றித்தான். எண்களைக் கொஞ்சம் உருட்டி முழுசாக்கியிருக்கிறேன், விகிதம் மாறவில்லை.

ரவுண்ட் நெக், அரைக்கை, பிளெயின் கலர். 300 பீஸுக்குக் கீழே 180 ரூபாய். 300 முதல் 5 சதவீதம் கழிவு, அதாவது 171. 1000 முதல் 10 சதவீதம், 162. எல்லாம் ஜிஎஸ்டி நீங்கலாக. ஒரு பீஸ் தைத்து வெளியே போக எங்களுக்கு ஆகிற செலவு 140: துணி 100, கட்டிங் தையல் செக்கிங் அயர்னிங் எல்லாம் சேர்த்து 32, லேபிள் பாலிபேக் அட்டைப்பெட்டி 8. ஷெட் வாடகை, மாதச் சம்பளம், ஈபி, மெஷின் தவணை இதெல்லாம் தனி. மாதம் இரண்டரை லட்சம், பீஸ் ஓடினாலும் ஓடாவிட்டாலும்.

10 சதவீதக் கழிவு என்றால் பத்தில் ஒரு பங்கு விட்டுக்கொடுக்கிறோம் என்றுதான் முதலாளி உட்பட எல்லோருக்கும் மனதில் படும். ஆனால் அந்த 18 ரூபாய் போவது 180-லிருந்து அல்ல, கையில் நிற்கிற 40-லிருந்து. துணிக்காரர் நமக்காக 10 சதவீதம் குறைக்கப்போவதில்லை, தையல் கூலியும் குறையாது. 40 ரூபாய் 22 ஆகிவிடுகிறது, கிட்டத்தட்ட பாதி போச்சு. பழைய அதே காசு கைக்கு வர 100 பீஸ் விற்ற இடத்தில் 182 பீஸ் விற்க வேண்டும். அவ்வளவு தைக்க மெஷின் இருக்கிறதா, ஆள் இருக்கிறார்களா என்பது அடுத்த பிரச்சினை.

இது பலருக்குத் தெரிந்த கணக்குதான். இதைவிடப் பொல்லாதது, கார்டில் ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குத் தாவும் இடம். ஒரு பார்ட்டிக்கு உண்மையில் 900 பீஸ்தான் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். 171 ரூபாய் ரேட்டில் பில் 1,53,900. அவரே 1000 பீஸ் எடுத்தால் பில் 1,62,000. கூடுதலாக அவர் தருவது 8,100 ரூபாய், கூடுதலாக வாங்கிப்போவது 100 பீஸ். அந்த நூறும் அவருக்கு 81 ரூபாய்க்குக் கிடைக்கிறது, நமக்கு அடக்கம் 140! எங்கள் பக்கக் கணக்கில், 900-க்கு 27,900 ரூபாய் நின்ற இடத்தில் 1000-க்கு 22,000 நிற்கிறது. நூறு பீஸ் அதிகம் தைத்து, பேக் பண்ணி, லாரியில் ஏற்றி, 5,900 ரூபாய் குறைவாக வாங்கியிருக்கிறோம். இந்த 22,000-ஐ, 171 ரேட்டில் பீஸுக்கு நிற்கிற 31-ஆல் வகுத்துத் திருப்பிப் பார்த்தால் 710 முதல் 999 வரை எடுக்க நினைக்கிற யாராக இருந்தாலும், அவரை 1000-க்கு ஏற்றிவிட்டால் நமக்கு நஷ்டம் என்று வருகிறது. அதைத்தான் எங்கள் சேல்ஸ் பையன் நாள் முழுக்க உற்சாகமாகச் செய்துகொண்டிருந்தான். "இன்னும் கொஞ்சம் சேத்துப் போடுங்கண்ணா, ரேட் இறங்கிடும்." அவனுக்கு இன்சென்டிவ் பீஸ் கணக்கில்.

காரணம், கழிவு மொத்தப் பில்லுக்கும் விழுகிற மாதிரி கார்டு போட்டிருந்தது. முதல் 299 பீஸுக்கு ஒரு ரேட், அதற்கு மேலே போகிற பீஸுக்கு மட்டும் அடுத்த ரேட் என்று போட்டிருந்தால் இந்தப் பள்ளம் வராது. வீட்டு ஈபி பில்லில் 500 யூனிட்டைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுக்கும் சேர்த்துக் கணக்கே மாறிப்போய் அடிக்கிறதே, அதே அடி இங்கே விற்கிறவன் தலையில் விழுகிறது. பிரித்துப் போட்டிருந்தால் 1000 பீஸ் பில் 1,73,682 வந்திருக்கும், சராசரி ரேட் 173 ரூபாய் 68 பைசா. பார்ட்டிக்கும் கழிவு கிடைக்கிறது, நமக்கும் கடைசி பீஸ்கூட 22 ரூபாய் தருகிறது.

சரி, வருடத் திட்டத்தில் இது ஏன் தெரியவில்லை? திட்டத்தில் மாதம் 10,000 பீஸ் என்று போட்டிருந்தார்கள். பாதி 180-க்குப் போகும், 3,000 பீஸ் 171-க்கு, 2,000 பீஸ் 162-க்கு. விற்பனை 17,37,000, சராசரி ரேட் 173.70. செலவு போக 3,37,000, அதில் இரண்டரை லட்சம் கழித்தால் 87,000 லாபம். ஷீட்டில் கடைசியில் நின்றது ஒரே வரி: 10,000 பெருக்கல் 173.70. எந்தப் படியில் எத்தனை பீஸ் என்பது யாரோ மனதில் போட்ட ஊகம், அது அந்த ஒரு வரிக்குள் புதைந்துபோய்விட்டது.

ஆறு மாதம் கழித்து ஒரு மாதக் கணக்கைப் பிரித்துப் பார்த்தேன். 11,500 பீஸ் போயிருந்தது. முதலாளி முகத்தில் சந்தோஷம். விற்பனை 19,39,500, திட்டத்தைவிட இரண்டு லட்சம் அதிகம். ஆனால் 180-க்குப் போனது 2,500 பீஸ்தான், 171-க்கு 3,500, 162-க்கு 5,500. சராசரி ரேட் ஐந்து ரூபாய்தான் இறங்கியிருந்தது, அதனால் யார் கண்ணிலும் உறுத்தவில்லை. செலவு போக நின்றது 3,29,500. ஆயிரத்து ஐந்நூறு பீஸ் அதிகம் தைத்து திட்டத்தைவிட 7,500 ரூபாய் குறைவு.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. 162 என்பது கார்டு ரேட், கைக்கு வரும் ரேட் வேறு. ஆயிரம் பீஸுக்கு மேல் லாரி வாடகை நாங்களே கட்டுவது வழக்கம், பீஸுக்கு 2 ரூபாய். வருடக் கடைசியில் டர்ன்ஓவர் டிஸ்கவுண்ட் 2 சதவீதம், 3 ரூபாய் 24 பைசா. உடனே பணம் கட்டினால் கேஷ் டிஸ்கவுண்ட் 2 சதவீதம், அது இன்னொரு 3.24. இதில் வேடிக்கை, 75 நாள் கழித்துப் பணம் போடுகிறவரும் அந்த 2 சதவீதத்தைப் பிடித்துக்கொண்டுதான் போடுவார், யாரும் கேட்க மாட்டார்கள். அந்த 75 நாளுக்கு பேங்க் ஓவர்டிராஃப்ட்டில் 12 சதவீத வட்டி வேறு, 4 ரூபாய். எல்லாம் போக 22-ல் நிற்பது 9 ரூபாய் 52 பைசா. 5,500 பீஸுக்கும் இப்படிக் கழித்தால் அந்த மாத லாபம் 79,500-லிருந்து சுமார் 10,900-க்கு வந்துவிடுகிறது. மெஷின் எதுவும் நிற்கவில்லை, ஆர்டர் இல்லாமல் இல்லை, ஓவர்டைம்கூட ஓடியது. லாரி வாடகை ஒரு லெட்ஜரில், வட்டி இன்னொன்றில், டர்ன்ஓவர் டிஸ்கவுண்ட் மார்ச்சில் ஒரே வவுச்சராக. தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிதாகத் தெரியாது.

5,500 பீஸ் எப்படி 162-க்குப் போனது என்றும் பார்த்தேன். புது வியாபாரம் கொஞ்சம்தான். ஒரே பஜாரில் பக்கத்துப் பக்கத்துக் கடைக்காரர்கள் இரண்டு பேர் சேர்ந்து ஒரு பெயரில் பில் போட்டிருந்தார்கள், தப்பென்றும் சொல்ல முடியாது. வாரா வாரம் 250 எடுத்துக்கொண்டிருந்தவர் மாதம் ஒரே ஆர்டராகப் போட்டு, சரக்கை மட்டும் வாரா வாரம் கேட்டார். இன்னொருவர் 1000 என்று எழுதி, 400 எடுத்து, "மீதிய அப்புறம் எடுத்துக்கறனுங்க" என்றார். முதல் 400-க்கு 162-ல் பில் போய்விட்டது. மீதி 600 எங்கள் ரேக்கில் அடுக்கி இருந்தது.

மொத்தமாக எடுத்தால் நமக்கு மிச்சமே இல்லையா என்றால், இருக்கிறது. ஆனால் அது பீஸ் எண்ணிக்கையில் இல்லை, கலர் எண்ணிக்கையில் இருக்கிறது. ஒரே கலரில் 500 பீஸ் என்றால் துணி ஒரே டையிங் லாட்டில் வரும், சின்ன லாட்டுக்குக் கேட்கிற கூடுதல் சார்ஜ் இல்லை, ஷேடு மாறாது. கட்டிங் மேஜையில் லேயர் உயரமாகப் போடலாம், முனைக் கழிவு குறையும், தையலில் நூல் மாற்ற வேண்டாம். எல்லாம் சேர்த்து பீஸுக்கு 4 ரூபாய் மிச்சமாகலாம். 1000 பீஸ் என்று எழுதிவிட்டு பத்து கலர், ஐந்து சைஸ் என்று பிரித்துக் கேட்டால் ஒரு கட்டத்துக்கு 20 பீஸ். அது இருபது பீஸ் ஆர்டர்தான், ஐம்பது தடவை. அதற்கு 18 ரூபாய் கழிவு கொடுத்துக்கொண்டிருந்தோம்.

முதலாளியிடம் ஷீட்டைக் காட்டியபோது அவர் உடனே பிடித்துக்கொண்டது அந்த 81 ரூபாயைத்தான். "நூறு பீஸ நாமளே காசு போட்டு ஏத்தி அனுப்பறமா?" என்று இரண்டு தடவை கேட்டார். ஆனால் ஒரே பில்லில் மூன்று ரேட் போடுவதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. "பில்லு பாக்கறவன் கொழம்பிருவான், கொழம்புனா பணம் நிறுத்துவான்" என்றார். அவர் சொன்னதும் சரிதான், பில்லில் ஒரு சந்தேகம் இருந்தால் போதும், அதைக் காட்டியே ஒரு மாதம் இழுப்பார்கள்.

அதனால் படிகளைக் கூட்டி, இடைவெளியைக் குறைத்தோம். 300 முதல் 177, 600 முதல் 174, 1000 முதல் 171. அந்த 171-ம் இரண்டு கலருக்குள் எடுத்தால் மட்டும். இப்போது 900-லிருந்து 1000-க்குத் தாவினால் கூடுதல் நூறு பீஸுக்கு 144 ரூபாய் வருகிறது, அடக்கத்துக்கு மேலே. பள்ளம் முழுக்கப் போய்விடவில்லை, 912-க்கு மேல் இன்னும் இருக்கிறது, ஆனால் பழைய 710-ஐ நினைத்தால் தாங்கலாம். ரேட் என்பது எழுதின ஆர்டருக்கு அல்ல, லாரியில் ஏறின பீஸுக்கு. மீதியை எடுத்த பிறகு வித்தியாசத்துக்கு கிரெடிட் நோட், அப்படித் தருவோம் என்பது ஆர்டரிலேயே எழுதியிருக்கும். கேஷ் டிஸ்கவுண்ட் பில்லில் கழிக்கப்படாது, 15 நாளுக்குள் பேங்கில் பணம் விழுந்தால்தான்.

இரண்டு பார்ட்டி போய்விட்டார்கள், காதர்பேட்டை மொத்த மார்க்கெட்டில் எட்டு ரூபாய் குறைவாகக் கிடைக்கிறதாம். மாத பீஸ் எண்ணிக்கை இறங்கியது, ஓவர்டைம் நின்றது. சேல்ஸ் பையனின் இன்சென்டிவைப் பீஸ் கணக்கிலிருந்து மாற்றி, செலவு போக நிற்கிற காசில் ஒரு பங்கு என்று ஆக்கினோம். முதல் மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான், அப்புறம் அவனே கலர் எத்தனை என்று முதலில் கேட்க ஆரம்பித்தான்.

பிடி கொடுக்காத விஷயம் நூல் விலைதான். நூல் ஏறி துணியில் பீஸுக்கு 8 ரூபாய் கூடினால் 180-க்கு விற்கிற பீஸில் 40 என்பது 32 ஆகும், ஐந்தில் ஒரு பங்கு போகும். பழைய 162-ல் விற்றிருந்தால் 22 என்பது 14, மூன்றில் ஒரு பங்குக்கு மேல். பெரிய பார்ட்டிக்குத்தான் ரேட்டை ஏற்றிச் சொல்ல வாய் வராது, அவருக்குத்தான் ஏற்றம் அதிகமாக வலிக்கும் இடத்தில் விற்கிறோம். இப்போது கார்டின் தலையில் தேதியும் முப்பது நாள் மட்டும் என்ற வரியும் இருக்கிறது. தேதி முடிந்த கார்டை வாட்ஸ்அப்பில் திருப்பி அனுப்பி "இந்த ரேட்டுக்குப் போட்டு விடுங்க" என்று கேட்கிறவர்களுக்கு முதலாளிதான் பதில் சொல்கிறார், சில பேருக்குப் போட்டும் விடுகிறார்.