கரிப்பு எந்தப் பெட்டியில் போகிறது?

"ஏன் தம்பி, கரிப்பு எந்தப் பெட்டியில போகுது?"

அந்த அக்கா கேட்டது இவ்வளவுதான். எங்கள் குடிநீர் சுத்திகரிப்பு நிலையச் சுவரிலிருந்த படத்தில் ஒவ்வொரு கட்டத்தையும் பெட்டி பெட்டியாகக் காட்டி மகளிர் குழுவுக்கு நான் விளக்கி முடித்திருந்தேன். கொள்ளிடத்துத் தண்ணீர் காற்றூட்டியின் படிகளில் வழிந்து இறங்கும்போது வாடை போகும், கரைந்த இரும்பு இருந்தால் காற்றுப் பட்டுத் துருவாகும். அடுத்தது படிகாரம். அங்கே நான் எப்போதும் கொஞ்சம் கூடுதலாகவே நிற்பேன். வெள்ளத்தில் வரும் நுண்ணிய களிமண் துகள்கள் எல்லாவற்றுக்கும் எதிர்மின்னூட்டம். ஒன்றையொன்று தள்ளிக்கொண்டே இருப்பதால் நாள்கணக்கில் வைத்திருந்தாலும் படியாது. படிகாரம் அந்தத் தள்ளலை அடக்கியதும் ஒட்டிக்கொண்டு பஞ்சு மாதிரி திரளும். அன்று காலை ஆறு பீக்கரில் சோதித்ததில் லிட்டருக்கு 30 மில்லிகிராம் போட்டதுதான் நன்றாகத் தெளிந்திருந்தது. அதைத் தூக்கிக் காட்டினேன். திரள் தொட்டியின் அடியில் தங்கும், தப்பியதை மணல் வடிகட்டி பிடிக்கும், மிஞ்சிய கிருமியைக் குளோரின் கொல்லும்.

வெளியே வேன் ஹாரன் அடித்தது. "கடைசியில நல்ல தண்ணிதான் வருது அக்கா" என்றேன். பொய்யில்லை. நாங்கள் எடுக்கிற ஆற்று நீரில் கரிப்பே கிடையாது.

ஆனால் அவர் கேட்டது வேதாரண்யம் பக்கம் தன் வீட்டு போர் தண்ணீரைப் பற்றி. இரண்டு மாதம் கழித்து அந்த ஊருக்குக் குழாய்த் தண்ணீர் மாதிரி எடுக்கப் போனபோதுதான் புரிந்தது. கொல்லையில் ஒரு நீல டிரம், அதில் ஜல்லியும் மணலும். மேலே ஆணியால் துளையிட்ட தகர டின்.

"செவப்பு போயிடுச்சு தம்பி. கரிப்பு மட்டும் அப்படியே இருக்கு."

படத்தைச் சரியாகத்தான் படித்திருக்கிறார். டின்னிலிருந்து சொட்டும்போது இரும்பு துருவாகி மணலில் நின்றுவிட்டது. உப்பு துகளாக இருப்பதில்லை. சோடியமும் குளோரைடுமாகப் பிரிந்து நீரோடு நீராகக் கலந்திருக்கும். மணல் இடுக்கு அதற்குத் திறந்த வாசல். கரைந்த உப்பைக் காட்டும் என் மீட்டரில் டிரம்முக்கு முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரே எண், 2,400. படத்தில் எந்தப் பெட்டியும் உப்பைத் தொடுவதில்லை. படிகாரத்தின் சல்பேட் தண்ணீரிலேயே தங்குவதால், எங்கள் நிலையத்திலிருந்து வெளியேறும் நீரில் கரைந்த உப்பு உள்ளே வந்ததைவிடத் துளி கூடுதல்தான்.

அன்றைக்கே இதைச் சொல்லியிருந்தால், குழாய்த் தண்ணீரையே சந்தேகப்பட்டிருப்பார்கள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். சில நாள் அதுவும் நிற்பதில்லை. ஹாரன் சத்தம்தான் காரணம் என்று தோன்றுகிறது. கரிப்பை எடுக்க ஆர்.ஓ. வேண்டும், அதிலும் ஒரு பங்கு தண்ணீர் இன்னும் கரிப்பாகிக் கழிவாகப் போகும் என்று சொல்ல ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?

கொல்லையில் நின்றபடி அதையெல்லாம் சொன்னேன். அவர் முகத்தில் பெரிய ஏமாற்றம் தெரியவில்லை. "வேட்டி மஞ்சளாகாம இருக்கு, அது போதும்" என்றார். அப்புறம் டீ கொண்டுவந்தார். நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டு நிற்பதைக் கவனித்துவிட்டார்.

"குடி தம்பி, குழாய்த் தண்ணிதான்."