உயர்வு இல்லாத ஏப்ரல்

மார்ச் 19
முடிவு வந்துவிட்டது. இந்த ஆண்டு நிறுவனத்தில் யாருக்கும் இன்கிரிமெண்ட் கிடையாது. என் குழுவிடம் இதை நான்தான் சொல்ல வேண்டும்.

மார்ச் 20
ஆண்டு மதிப்பீட்டில் நான்கு மதிப்பெண் பெற்றவர்களில் சிலரை மூன்றுக்கு இறக்கினால் விளக்கம் சொல்வது எளிதாகும் என்று மனிதவளத் துறையினர் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். மதிப்பெண் அவர்கள் செய்த வேலைக்கு உரியது. பணமில்லாமை நிறுவனத்தின் நிலை. மூன்று என்று பதிந்துவிட்டால் நாளைய பதவி உயர்வுக் குழு அதை மட்டுமே பார்க்கும். ஆர்டர் குறைந்த ஆண்டு இது என்பதை அந்தத் தாள் சொல்லாது.

மார்ச் 22
பேச வேண்டியதை எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அதில் உள்ள 'இந்த ஓராண்டு மட்டும்' என்ற சொற்கள் என்னை உறங்க விடவில்லை. மாதம் 50,000 ரூபாய் வாங்குபவருக்கு வழக்கமான எட்டு விழுக்காடு கிடைத்திருந்தால் இந்த ஆண்டு 54,000, அடுத்த ஆண்டு 58,320. இப்போது நிறுத்திவிட்டு அடுத்த ஆண்டு மறுபடி எட்டு விழுக்காடு கொடுத்தால் அவர் 54,000 ரூபாயில்தான் நிற்பார். மாதம் 4,000 ரூபாயாகத் தொடங்கிய இடைவெளி 4,320 ஆகிவிடும். அதை அடைக்க அடுத்த ஆண்டு ஏறத்தாழ பதினேழு விழுக்காடு தேவை. அதைத் தருவதாக யாரும் சொல்லவில்லை. ஆகவே அந்தச் சொற்களை நான் சொல்லப் போவதில்லை.

மார்ச் 23
எங்கள் குழுவின் மூத்தவரான பெரியவர் டிசம்பரில் ஓய்வு பெறுகிறார்.

மார்ச் 25
பணிக்கொடை, அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் அடங்கிய கடைசி மாத ஊதியத்தை வைத்தே கணக்கிடப்படுகிறது: அதை இருபத்தாறால் வகுத்து, பதினைந்தால் பெருக்கி, பணியாற்றிய ஆண்டுகளால் பெருக்க வேண்டும். பெரியவருக்கு அந்தத் தொகை 26,000 ரூபாய், பணிக்காலம் முப்பது ஆண்டு. எனவே 4,50,000 ரூபாய் வரும். எட்டு விழுக்காடு உயர்ந்திருந்தால் 4,86,000. மற்றவர்களுக்கு அடுத்த ஆண்டில் சரிசெய்யலாம் என்ற நம்பிக்கையாவது உண்டு. அவருக்கு அடுத்த ஆண்டே இல்லை.

மார்ச் 26
இன்று பேசினேன். பாராட்டில் தொடங்காமல், உயர்வு இல்லை என்பதை முதல் வாக்கியத்திலேயே சொன்னேன். பாராட்டைக் கேட்டுக்கொண்டே 'ஆனால்' எப்போது வரும் என்று காத்திருப்பது கொடுமை. மதிப்பெண்களில் மாற்றமில்லை, கடிதத்திலும் அவை இருக்கும் என்றேன். "அப்படியென்றால் நாலு வாங்கியதற்கும் மூன்று வாங்கியதற்கும் என்ன வித்தியாசம், சார்?" என்று ஒருவர் கேட்டார். இந்த ஆண்டு சம்பளத்தில் எந்த வித்தியாசமும் இல்லை என்றேன். அக்டோபரில் மறுபரிசீலனை உண்டா என்று கேட்டதற்கு, எழுத்தில் எதுவும் என்னிடம் இல்லை என்றேன். பெரியவர் எதுவும் கேட்கவில்லை.

மார்ச் 27
பெரியவருக்கு மட்டும் ஓய்வுக்கு முன் உயர்வு தரும்படியும், மற்றவர்களின் அடுத்த உயர்வை, இந்த ஆண்டு உயர்வு கிடைத்திருந்தால் வந்திருக்கும் 54,000 போன்ற சம்பளத்திலிருந்து கணக்கிடும்படியும் நிதிப் பிரிவுக்குக் கணக்கோடு எழுதினேன்.

மார்ச் 30
இரண்டாவதற்கு முடியாது என்று பதில் வந்திருக்கிறது. பெரியவரைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. நாளை நேரில் போகிறேன்.