‘முதல்’ எங்கே போச்சு?

நான் எழுதிய விளம்பர வாசகத்தை நம்பி எங்கள் நகைக்கடைக்கு வந்த அந்த ஆச்சி சத்தம் போட்டிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன் என்று நினைக்கிறேன். சத்தம் போடுகிறவர்களைக் கடையில் தினம் பார்க்கிறோம், சாயங்காலத்துக்குள் மறந்துவிடும். இவர் நிதானமாக ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போனார். மூன்று மாதமாகிறது, இன்னும் காதில் இருக்கிறது.

நகைக்கடைப் பதிவுகளுக்கு வாசகம் எழுதுவது என் வேலை. வாட்ஸப் ஸ்டேட்டஸ், ஃபேஸ்புக், இன்ஸ்டா மூன்றுக்கும் நான்தான். எனக்கு முன்னால் இருந்தவர் எழுதியது இப்படி இருந்தது: “916 எச்யூஐடி ஹால்மார்க் தங்க நகைகளுக்கு 8% முதல் விஏ, செய்கூலி இல்லை, பழைய தங்க எக்ஸ்சேஞ்சுக்குச் சிறப்புச் சலுகை, நிபந்தனைகளுக்கு உட்பட்டது.” இதைப் படித்துப் புரிந்துகொள்கிறவர் ஏற்கெனவே நாலு கடை ஏறி இறங்கியவராக இருப்பார். விஏ என்றால் என்ன என்று எனக்கே வேலைக்குச் சேர்ந்த அன்றுதான் தெரியும். நகை செய்யும்போது வீணாகிற தங்கத்துக்கு என்று வாங்குகிறோமே சேதாரம், அதன் பில் பெயர், அவ்வளவுதான்.

கடை முதலாளி அண்ணாச்சி என்னிடம் சொன்னது, “வயசானவங்களுக்கும் புதுசா வர்றவங்களுக்கும் புரியணும், சின்னச் சின்ன வாக்கியமா போடு.” சரி என்று உட்கார்ந்தேன். முதலில் அப்பாவின் போனை எடுத்துப் பார்த்தேன். எழுத்தைப் பெரிசாக்கி வைத்திருக்கிறார், அந்த வயதில் பாதிப் பேர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். அப்படி வைத்தால் நாம் தட்டச்சு செய்கிற வாசகம் பெரிசாகும், படத்துக்குள் இருக்கிற எழுத்து பெரிசாகாது. டிசைனர் படத்தின் அடியில் எறும்பு மாதிரி போட்டிருந்த ‘நிபந்தனைகளுக்கு உட்பட்டது’ அப்பாவுக்கு ஒரு கோடாகத்தான் தெரிந்தது. ஆக அவர் நிஜமாகவே படிப்பது வாசகத்தின் முதல் மூன்று நாலு வரி. அதற்குப் பிறகு ‘மேலும்’ என்று வரும், அதைத் தொடமாட்டார். தொட்டால் எதாவது ஆகிவிடும் என்று ஒரு பயம்.

அடுத்து ‘சேதாரம்’. இது துறைச் சொல் இல்லையா, எடுத்துவிடலாமா என்று யோசித்து ‘கூடுதல் கட்டணம்’ என்று மாற்றிப் பார்த்தேன். அம்மா படித்துவிட்டு, “சேதாரம் தனியா, இது தனியா?” என்றாள். இப்போதும் நகை என்றால் “கேடிஎம் நகையா?” என்று கேட்கிற தலைமுறைக்குச் சேதாரம் வீட்டுச் சொல், அவர்களுக்கு விஏ தான் புரியாது. கல்லூரி முடித்து முதல் சம்பளத்தில் மோதிரம் வாங்க வருகிற பையனுக்குத்தான் சேதாரம் என்றால் ஏதோ உடைந்துபோனது மாதிரி இருக்கும். வயசானவர், புதுசா வருகிறவர் என்று அண்ணாச்சி ஒரே மூச்சில் சொன்ன இரண்டு பேருக்கும் புரியாத சொற்கள் வேறு வேறு. இதை அப்போதே அவரிடம் சொல்லியிருக்கலாம். சேதாரத்தை மட்டும் திரும்ப வைத்துவிட்டு மேலே போய்விட்டேன்.

எச்யூஐடி என்பது ஒவ்வொரு நகைக்கும் தனித்தனியாகப் போடுகிற அடையாளக் குறி, அது சுலபமாகத்தான் முடிந்தது. 2023 ஏப்ரல் 1 முதல் அது இல்லாமல் ஹால்மார்க் நகை விற்கக் கூடாது என்ற சட்டமெல்லாம் வாசகத்துக்கு வேண்டாம். நகையின் உள்பக்கம் எண்ணும் எழுத்தும் கலந்து ஆறு இருக்கும், லென்ஸ் கேட்டால் கடையில் தருவோம், அது போதும். அந்த வரி எனக்கு இன்னும் பிடிக்கும். படித்துவிட்டு இரண்டு பேர் வந்து லென்ஸ் கேட்டார்கள், சேல்ஸ் பையன்கள் என்னை முறைத்தார்கள்.

இப்போது விஷயம். ‘8% முதல்’.

பக்கத்து வீட்டு மாமாவிடம் படித்துக் காட்டினேன். முப்பது வருஷம் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். “8 சதவீதம் முதல்னா? முதல் 8 சதவீதமா, மீதி லாபமா?” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் யோசித்தால் அவர் கேட்டதில் தப்பே இல்லை. அவருக்கு முதல் என்றால் கடையில் போட்ட பணம். எனக்கு அது ‘இதிலிருந்து ஆரம்பம்’. ஒரு சொல்லுக்கு இத்தனை குழப்பம் என்றால் எதற்கு வைக்க வேண்டும்? எடுத்தேன். கடைசியில் போனது இது:

“சேதாரம் 8 சதவீதம். செய்கூலி கிடையாது. நகையில் ஆறு எழுத்து இருக்கும். லென்ஸ் கேட்டுப் பாருங்க.”

நாலு வரி, அப்பாவின் போனில் முழுசாகத் தெரிந்தது. பெருமையாக இருந்தது, பொய் சொல்வானேன். அண்ணாச்சியும் படித்துவிட்டு “இதுதாம்மா” என்றார். அவரும் அந்த ‘முதல்’ இல்லாததைக் கவனிக்கவில்லை. கவனித்தாரா, இல்லையா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது, ஆனால் எழுதியது நான்.

ஆச்சி வந்தது ஒரு புதன்கிழமை. பேத்தி கல்யாணத்துக்கு இரண்டு சவரனில் நெக்லஸ். அதுவரை நகை எல்லாம் தாத்தாதான் வாங்குவாராம், அவர் போன பிறகு தனியாக ஒரு நகைக்கடைக்கு வருவது இதுதான் முதல் தடவையாம். அதாவது அண்ணாச்சி சொன்ன இரண்டு வகை ஆளும் ஒரே ஆளாக வந்து நின்றார். கையில் தினசரிக் காலண்டர் தாள், அதன் பின்பக்கம் பக்கத்து வீட்டுப் பையனை வைத்துப் போட்ட கணக்கு. கிராம் 6,000 ரூபாய் என்று வைத்துப் போட்டிருந்தான். 16 கிராம், சேதாரம் 8 சதவீதத்துக்கு 1 கிராம் 280 மில்லி, ஆக 17.28 கிராமுக்கு 1,03,680 ரூபாய், வரி 3 சதவீதம் சேர்த்து 1,06,790. ஒரு தப்பு இல்லை. சீட்டு எடுத்த பணத்தை அந்தக் கணக்குக்குச் சரியாக, மேலே இருநூறு ஆட்டோவுக்கு என்று கொண்டுவந்திருந்தார்.

அவர் எடுத்த நெக்லஸுக்குச் சேதாரம் 18 சதவீதம். அதே 16 கிராம்தான், ஆனால் சேதாரம் மட்டும் 2 கிராம் 880 மில்லி. வரியோடு 1,16,678. வித்தியாசம் 9,888 ரூபாய். அதில் அநியாயம் ஒன்றும் இல்லை, மயில் வைத்து அரும்பு கட்டிய வேலை, கை வேலை கூடினால் சேதாரம் கூடத்தான் செய்யும், எந்தக் கடையிலும் அப்படித்தான். எங்களிடம் 8 சதவீதத்துக்கு வருவது முறுக்குச் செயின், மிஷின் வேலை வளையல், அந்த மாதிரி.

சேல்ஸ் பையன், “ஆச்சி, 8 சதவீதத்துல இருந்து ஆரம்பம். டிசைனைப் பொறுத்துக் கூடும்” என்றான். அவர் போனை எடுத்து ஸ்டேட்டஸைக் காட்டினார். படம் பிடித்து வைத்திருந்தார். “ஆரம்பம்னு இதுல எங்க இருக்கு?” பையன் என்னைக் கைகாட்டினான்.

நான் போய், இல்லை ஆச்சி, எல்லாருக்கும் புரியணும்னுதான் சுருக்கமா எழுதினேன், புரியாம போயிடுச்சு, மன்னிச்சுக்கோங்க என்றேன். அவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “புரியாமலாம் போகலம்மா. நல்லா வெளங்குச்சு. அதனாலதானே வந்தேன்.”

அண்ணாச்சி 14 சதவீதத்துக்குத் தருவதாகச் சொன்னார். அப்போதும் கையில் இருந்த பணம் பற்றாது. கடைசியில் அதே எடையில் முறுக்குச் செயின் எடுத்துக்கொண்டு போனார், கணக்கு அந்தத் தாளில் இருந்த மாதிரியே வந்தது. பேத்தி கேட்டது நெக்லஸ்.

நான் எனக்குள் வாதாடிக்கொண்டே இருக்கிறேன். பழைய வாசகம் இருந்திருந்தால் அவர் வந்தே இருக்க மாட்டார், விஏவும் எச்யூஐடியும் பார்த்துவிட்டுப் போனைக் கீழே வைத்திருப்பார். அப்படிப் பார்த்தால் என் வாசகம் வேலை செய்திருக்கிறது. உடனே இன்னொரு பக்கம்: பழைய வாசகம் புரியாதுதான், ஆனால் புரியவில்லை என்பது படிக்கிறவருக்குத் தெரியும், கடைக்கு வந்து கேட்பார். என்னுடையதில் கேட்க ஒன்றுமே இல்லை. நேராகக் கணக்குப் போட்டுவிட்டார். நீள வாக்கியத்தை வெட்டும்போது ‘முதல்’, ‘வரை’, ‘பொறுத்து’ மாதிரியான சொற்கள்தான் முதலில் விழுகின்றன, ஏனென்றால் அவை இல்லாமலும் வாக்கியம் நிற்கும். கேட்டால் இன்னும் கம்பீரமாகவே நிற்கும். அதுவும் நான் அந்தச் சொல்லை எடுத்தது ஒரே ஒரு மாமாவைக் கேட்டு. அவர் கடை வைத்திருந்தவர் என்பதால்தான் அவருக்கு முதல் பணமாகத் தெரிந்தது. ஆச்சியிடம் கேட்டிருந்தால் ‘8 முதல்’ நன்றாகவே புரிந்திருக்கும், என்னவோ.

இரண்டு நாள் கழித்து மாற்றி எழுதினேன். சதவீதத்தையே விட்டுவிட்டேன், சவரனுக்கு எத்தனை மில்லி என்று கேட்பவர்கள்தானே ஆச்சி வயதுக்காரர்கள். “எல்லா நகைக்கும் ஒரே சேதாரம் இல்லை. முறுக்குச் செயினுக்குச் சவரனுக்கு 640 மில்லி. வேலைப்பாடு கூடினால் சேதாரமும் கூடும். நெக்லஸுக்குச் சவரனுக்கு 1 கிராம் 440 மில்லி வரை ஆகும். செய்கூலி கிடையாது.” எல்லாம் சின்ன வாக்கியம், எல்லாம் நிஜம். அப்பாவின் போனில் நெக்லஸ் வரி பாதியில் ‘மேலும்’ என்று வெட்டுப்பட்டது. நெக்லஸை இரண்டாவது வரிக்குக் கொண்டுபோனேன்.

அண்ணாச்சி படித்துவிட்டு, “1 கிராம் 440ஐ மேலேயே போட்டா எவம்மா உள்ள வருவான்?” என்றார். பக்கத்துக் கடைக்காரன் 6 சதவீதம் என்று போர்டு வைத்திருக்கிறான், அவன் ‘முதல்’ என்பதைப் பொடி எழுத்தில் போட்டிருக்கிறான். அவர் கோபம் எனக்குப் புரிகிறது, சம்பளம் தருகிறவர் அவர். பேசிப் பேசி நெக்லஸ் வரி திரும்பவும் நாலாவது இடத்துக்குப் போனது. “வேலைப்பாடு கூடினால் சேதாரமும் கூடும்” மூன்றாவதாக நிற்கிறது, அதற்காக நான் கொஞ்சம் சண்டை போட்டேன்.

போன வாரம் அட்சய திருதியைப் பதிவுக்கு அதையும் எடுத்துவிட்டு அனுப்பச் சொன்னார், அன்று மட்டும் என்று. அனுப்பினேன். ராத்திரி அப்பா அந்த ஸ்டேட்டஸைப் பார்த்துவிட்டு, “நல்லா வெளங்குதும்மா” என்றார்.