வரி இடைவெளியைக் கூட்டினேன், எழுத்து சிறுத்தது

பயிற்சி வகுப்பு ஒன்றுக்காக நான் தயாரித்திருந்த 24 ஸ்லைடுகளை, வாசிப்பைக் கடினமாக்கும் டிஸ்லெக்சியா உள்ள ஒருவரும் பார்வைத்திறன் குறைந்த ஒருவரும் வகுப்புக்கு முன்பே தங்கள் கணினியில் படிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், அவர்களுக்காக முழுத் தொகுப்பையும் சரிபார்க்க அமர்ந்தேன். பவர்பாயின்ட்டில் Review பட்டியலில் உள்ள Check Accessibility முதலில் ஓடியது. மாற்று உரை இல்லாத படங்களையும் தலைப்பில்லாத ஒரு ஸ்லைடையும் அது காட்டிக்கொடுத்தது. எழுத்தின் அளவைப் பற்றியோ வரி இடைவெளியைப் பற்றியோ எதுவும் சொல்லவில்லை. அந்தப் பகுதியை நம் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

எழுத்தளவில் குறை இருக்காது என்றே நம்பியிருந்தேன், ஏனெனில் எல்லா ஸ்லைடுகளுக்கும் பொதுவான வடிவமைப்பைத் தரும் Slide Master-இல் 28 பாயின்ட் வைத்திருந்தேன். ஆனால் ஏழாவது ஸ்லைடில் ஒரு வரிக்குள் சுட்டியை வைத்தபோது அளவுப் பெட்டியில் 19.6 என்று இருந்தது. அந்த ஸ்லைடில் ஒன்பது குறிப்புகள், மொத்தம் பதினாறு வரிகள். பெட்டியை மீறும் உரையை அடக்குவதற்காக AutoFit தானாகவே எழுத்தைச் சுருக்கியிருந்தது. கோப்பைப் பிரித்துப் பார்த்தபோது அதன் தடம் இப்படி இருந்தது:

```
<a:normAutofit fontScale="70000" lnSpcReduction="20000"/>
```

அதாவது எழுத்து 70 சதவீதமாகக் குறைந்ததோடு, வரி இடைவெளியிலும் 20 சதவீதம் வெட்டப்பட்டிருக்கிறது. டிஸ்லெக்சியா உள்ளவருக்கு இரண்டாவதுதான் பெரிய இடைஞ்சல். வரிகள் நெருங்கினால் ஒரு வரியின் முடிவிலிருந்து அடுத்த வரியின் தொடக்கத்துக்குத் திரும்பும் கண் வழி தவறி, படித்த வரியிலேயே மீண்டும் விழும்.

இதை உணராமல் நான் முதலில் Slide Master-இல் வரி இடைவெளியை 1.5 ஆக்கினேன். விளைவு நேர்மாறானது. உரைக்கு இன்னும் அதிக இடம் தேவைப்பட்டதால் AutoFit மேலும் சுருக்கி, எழுத்தை 15.4-க்குக் கொண்டுபோய்விட்டது. இடைவெளி ஒருவருக்கு உதவியிருக்கலாம், மற்றவருக்கோ எழுத்தே கண்ணுக்கு எட்டாமல் போயிருக்கும். ஆகவே எதைத் தொடும் முன்பும் இதை நிறுத்த வேண்டும்: Format Shape பலகத்தில் Text Options, அதற்குள் Text Box, அங்கே Do not Autofit. ஒவ்வொரு ஸ்லைடிலும் இதைச் சரிபார்க்க வேண்டியிருந்தது. மாஸ்டரில் AutoFit-ஐ நிறுத்தியதை முன்பே சுருங்கிவிட்ட பெட்டிகள் பின்பற்றவில்லை. நிறுத்தியவுடன் உரை பெட்டிக்கு வெளியே வழிந்தது. பார்க்க அழகில்லை என்றாலும், எங்கே அளவுக்கு மீறி எழுதியிருக்கிறேன் என்பது அப்போதுதான் வெளிப்பட்டது.

வரி இடைவெளிக்கான எண்ணிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. இணைய அணுகல்தன்மைக்கான வழிகாட்டுதலான WCAG 2.1 சொல்லும் ஒன்றரை மடங்கு எழுத்தளவை வைத்துக் கணக்கிடப்படுவது. பவர்பாயின்ட்டின் Multiple எண்ணோ எழுத்துருவின் இயல்பான வரி உயரத்தைப் பெருக்குகிறது, அந்த உயரம் பல எழுத்துருக்களில் ஏற்கெனவே ஏறத்தாழ 1.2 மடங்கு. எனவே 1.3 வைத்தாலே ஒன்றரையைத் தொட்டுவிடலாம். எழுத்தை 24 பாயின்ட்டாகவும், குறிப்புகளுக்கு இடையிலான வெளியை வரி இடைவெளியைவிடத் தெளிவாகக் கூடுதலாகவும் வைத்தேன். ஏழாவது ஸ்லைடு, சில சொற்களைக் குறைத்தபின், மும்மூன்று குறிப்புகளாக மூன்று ஸ்லைடுகளாகப் பிரிந்தது. எழுத்துகளுக்கு இடையிலான வெளியை நான் தொடவில்லை. அதை மட்டும் கூட்டி, சொற்களுக்கு இடையிலான வெளியை விட்டுவிட்டால் ஒரு சொல் எங்கே முடிகிறது என்பதே மங்கிவிடும்.

சாய்வெழுத்தையும் அடிக்கோட்டையும் நீக்கி, அழுத்தம் தேவையான இடங்களில் தடித்த எழுத்தை மட்டும் வைத்தேன். இருபுறமும் சமமாக்கிய பத்திகளை இடப்புறமாகத் திருப்பினேன். நிறத்தில்தான் இருவரின் தேவையும் மோதும் என்று அஞ்சினேன்: பளிச்சென்ற வெள்ளை டிஸ்லெக்சியா உள்ள சிலருக்குக் கூசும், எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வேறுபாடு குறைந்தால் பார்வைத்திறன் குறைந்தவருக்குத் தெரியாது. #FFF8E7 என்ற வெளிர்ப் பின்னணியில் #1F1F1F எழுத்தை வைத்தபோது வேறுபாடு 15:1-க்கு மேல் இருந்ததால் அந்த அச்சம் நீங்கியது. அடிக்குறிப்புகளில் வெள்ளைமேல் #999999 வைத்திருந்தது வெறும் 2.85:1, தேவையான 4.5:1-ஐ அது எட்டவே இல்லை.

கடைசியாக Outline View-ஐத் திறந்து ஒவ்வொரு ஸ்லைடின் உரையும் அங்கே வருகிறதா என்று பார்த்தேன். பதினொன்றாவதில் தலைப்பு மட்டுமே வந்தது. மற்ற உரையை நானே தனி உரைப்பெட்டிகளில் எழுதியிருந்ததால் மாஸ்டரில் செய்த எந்த மாற்றமும் அதைச் சேரவில்லை. அதை உரிய இடத்துக்கு மாற்றினேன். வரைபடங்களின் அச்சுப் பெயர்கள் அந்தப் பார்வையிலும் வராது என்பதை நான் கவனிக்கவில்லை. பார்வைத்திறன் குறைந்த அந்த நண்பர் கோப்பைப் படித்துவிட்டு, பதினான்காவது ஸ்லைடின் வரைபடத்துக்கு மட்டும் பெரிதாக்க வேண்டியிருந்ததாகத் தெரிவித்தார். அங்கே 10 பாயின்ட் அப்படியே இருந்தது. அன்றே அதை 18 ஆக்கி மீண்டும் அனுப்பினேன்.